சீட்டு விழுந்த பிறகு

நம் வயதுக்காரர்களுக்கு லாட்டரியைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு அரசே பரிசுச் சீட்டு தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அப்போது எல்லார் வாயிலும் இருந்த வாசகம். அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில் இறங்கினால் சைக்கிளில் மைக் கட்டி, 'நாளை குலுக்கல், நாளை குலுக்கல்' என்று கூவுவார்கள். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். இப்போது ஆசையுள்ளவர்கள் கேரளா போகும்போது வாளையாரிலோ பாலக்காட்டிலோ ஒரு சீட்டு வாங்கி, மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

நான் வங்கியில் 33 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் பணக் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும். ஆவடி டேங்க் பாக்டரியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் போன மாதம் கேட்டார்: "சார், என் மாப்பிள்ளை வாங்கின சீட்டு கடைசி ரெண்டு நம்பர்ல தவறிப் போச்சு. ஒருவேளை விழுந்திருந்தா முதல்ல என்ன செய்யணும்?" நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

2022 செப்டம்பரில் கேரளாவின் திருவோணம் பம்பர் முதல் பரிசு, 25 கோடி ரூபாய், திருவனந்தபுரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு விழுந்தது. குழந்தையின் உண்டியலை உடைத்து 500 ரூபாய்ச் சீட்டு வாங்கியவர் அவர். எல்லா டிவியிலும் சிரித்த முகத்தோடு வந்தார். ஒரு வாரம் கழித்து அவரே, "ஏன் விழுந்தது என்று இருக்கிறது" என்ற அர்த்தத்தில் பேசினார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாம் பண உதவி கேட்டு வாசலில் நிற்கிறார்கள். சொந்த வீட்டில் இருக்க முடியாமல் இடம் மாறி மாறித் தங்குகிறேன் என்றார். இதில் கவனிக்க வேண்டியது, அந்த நேரத்தில் பரிசுப் பணம் அவர் கைக்கே வரவில்லை. பணம் வருவதற்கு முன்பே அதைக் கேட்பவர்கள் வந்துவிட்டார்கள். இதற்குப் பிறகுதான் கேரள லாட்டரித் துறை, பரிசு பெறுகிறவர்களுக்குப் பணத்தை எப்படிக் கையாள்வது என்று வகுப்பு நடத்தத் தொடங்கியது.

ஆகவே முதல் வேலை, வாயை மூடிக்கொள்வது. வாழ்க்கைத் துணைக்குச் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குச் சொல்லலாம். அதற்கு மேல் வேண்டாம். குறிப்பாகச் சீட்டைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள்.

இரண்டாவது வேலை சீட்டைக் காப்பாற்றுவது. லாட்டரிச் சீட்டில் வாங்கியவர் பெயர் இருக்காது. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கேட்க முடியும். அதனால் பின்பக்கத்தில் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பரில் வந்த எண்ணை மட்டும் நம்பாமல், அரசிதழில் வந்த முடிவோடு ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். கிழியாமல், நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து, முடிந்தால் அன்றே லாக்கருக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கேரளத்தில் குலுக்கல் நடந்து 30 நாளுக்குள் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் உள்ள பரிசுக்கு மாவட்ட அலுவலகம் போதாது. திருவனந்தபுரத்தில் உள்ள லாட்டரி இயக்குநரகத்துக்குப் போகவேண்டும், அல்லது வங்கி மூலம் அனுப்பலாம். வங்கி மூலம் போவதுதான் என் கட்சி. வங்கி உங்கள் அதிகாரக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, சீட்டைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டுத் தரும். விண்ணப்பம், சான்றளித்த புகைப்படம், ஆதார், பான் நகல், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது எல்லாம் கேட்பார்கள். வெளிமாநிலத்துக்காரராக இருந்தால் கேரளாவுக்கு எதற்காக வந்தீர்கள், சீட்டை எங்கே வாங்கினீர்கள் என்று நோட்டரி சான்றோடு எழுதித் தரவேண்டும்.

இது வெறும் சடங்கு இல்லை. 2023 திருவோணம் பம்பரின் 25 கோடி தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்களுக்கு விழுந்தது. வாளையாரில் வாங்கிய சீட்டு. உடனே, அந்தச் சீட்டு தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று ஒரு புகார் கிளம்பிவிட்டது. கேரளச் சீட்டை வேறு மாநிலத்தில் விற்கக்கூடாது என்பதால், எங்கே வாங்கினோம் என்பதே கேள்வியாகிவிடும். நம் ஊர் டீக்கடைப் பக்கம் யாராவது காதோடு காதாக 'கேரளா சீட்டு' கொடுத்தால் வாங்காதீர்கள். மூன்று நம்பர் எழுதித் தரும் துண்டுச் சீட்டுக்கோ எந்த அரசாங்கமும் பொறுப்பில்லை. நாலைந்து பேர் சேர்ந்து வாங்கியிருந்தால், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சீட்டைக் கொடுப்பதற்கு முன்பே முத்திரைத்தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பணம் வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் நட்பு மிஞ்சாது.

இனி கணக்கு. ஒரு கோடி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஏஜெண்ட் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்தால், பத்து லட்சம் போகும். மீதி 90 லட்சத்தில் 30 சதவீதம், 27 லட்சம், வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு 63 லட்சத்தை உங்கள் கணக்கில் போடுவார்கள். பெரும்பாலானவர்கள் அதோடு வரி முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால், அந்த 27 லட்சத்தின் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் உண்டு. அது 2 லட்சத்து 70 ஆயிரம். இரண்டையும் கூட்டி அதன் மேல் 4 சதவீதம் செஸ், ஏறக்குறைய 1 லட்சத்து 19 ஆயிரம். ஆக இன்னும் 3 லட்சத்து 89 ஆயிரம் நீங்களே கட்டவேண்டும். கடைசியில் உங்களுடையது 59 லட்சத்துச் சொச்சம்.

பரிசு பெரிதாக ஆக சர்சார்ஜும் ஏறும். அந்த ஆட்டோ ஓட்டுநருக்கு 25 கோடியில் கைக்கு 15 கோடியே 75 லட்சம் என்று பேப்பரில் வந்தது. அந்த வருஷ விகிதப்படி சர்சார்ஜையும் செஸ்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 13 கோடிக்கும் சற்றுக் குறைவாகத்தான் நிற்கும்.

நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். லாட்டரிப் பணத்துக்கு மூத்த குடிமக்கள் வரம்பு, கழிவு எதுவும் கிடையாது. வேறு வருமானமே இல்லாதவருக்கும் 30 சதவீதம்தான். வட்டிக்கு வரி பிடிக்காமலிருக்க வங்கியில் கொடுக்கிறோமே ஒரு படிவம், அது இங்கே செல்லாது. அதனால் பணம் வந்த அன்றே மீதி வரியை ஒரு தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்து, ஒரு ஆடிட்டரைப் பார்த்து எந்தத் தேதிக்குள் கட்டவேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

மிச்சத்தை என்ன செய்வது? மூன்று மாதத்துக்கு ஒன்றும் செய்யவேண்டாம். இரண்டு மூன்று பெரிய வங்கிகளில் குறுகிய கால டெபாசிட்டாகப் போட்டு வையுங்கள். வங்கி மூழ்கினால் இன்சூரன்ஸ் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம்வரைதான், அசலும் வட்டியும் சேர்த்து. அதனால் அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காகச் சின்ன இடங்களைத் தேடிப் போகாதீர்கள். பிறகு நிதானமாக, 60 வயது தாண்டியவர்கள் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம்வரை போடலாம். கணவன், மனைவி இருவருக்கும் வயது இருந்தால் ஆளுக்கு முப்பது.

காத்திருக்கக் கூடாத ஒரே செலவு கடன். வட்டி அதிகமானது முதலில் போகவேண்டும்: தனியார் கைமாற்று, கிரெடிட் கார்டு, பிறகு நகைக்கடன், கடைசியில் வீட்டுக்கடன். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. ஆனால் பணத்தைக் கட்டுவது பாதி வேலைதான். காகிதத்தைத் திரும்ப வாங்குவது மறு பாதி. கைமாற்று வாங்கியவரிடம் புரோநோட்டையும், கொடுத்து வைத்த வெற்றுச் செக்குகளையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாக அனுப்புங்கள். வீட்டுக்கடன் முடிந்தால் 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரத்தைத் தரவேண்டும்; தாமதத்துக்கு அவர்கள் காரணமென்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரத்தை வாங்கியதோடு நிற்காமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானப் பதிவை ரத்து செய்து ரசீது ஆவணம் பதிந்து, ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நான் வேலையில் இருந்தபோது, கடன் தீர்ந்து பல வருஷம் கழித்து வீட்டை விற்கப் போனவர்கள் வில்லங்கத்தில் பழைய அடமானத்தைப் பார்த்துவிட்டுக் கிளைக்கு ஓடிவருவதை அடிக்கடி கண்டிருக்கிறேன்.

அடுத்தது ஏமாற்றுக்காரர்கள். பணம் விழுந்தவரை மட்டுமல்ல, விழாதவரையும் அவர்கள் தேடி வருவார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு, '25 லட்சம் பரிசு' என்று வாட்ஸாப்பில் அமிதாப் பச்சன் படத்தோடு செய்தி வந்தது. முதலில் பதிவுக் கட்டணம் 8,000 கேட்டார்கள். கட்டினார். அடுத்து ஜிஎஸ்டி என்று 22,000. அதற்கடுத்தது கேட்டபோதுதான் மகனிடம் சொன்னார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். உண்மையான பரிசில் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பரிசைத் தர உங்களிடம் முதலில் பணம் கேட்கமாட்டார்கள். நீங்கள் வாங்காத சீட்டு விழாது. கேரளச் சீட்டு காகிதத்தில் மட்டுமே விற்பனை. செல்போன் செயலியில் விற்கிறோம் என்றால் பொய். வெளிநாட்டு லாட்டரிச் சீட்டுக்கு இங்கிருந்து பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணிச் சட்டப்படி கூடாது. உங்கள் பரிசுச் சீட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தால், அவர் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்க வருகிறார். சிக்கினால் நீங்களும் சேர்ந்து சிக்குவீர்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். பணம் கணக்கு மாறி மாறி வெளியே போய்விடுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வழி உண்டு. மறுநாள் சொன்னால் பெரும்பாலும் கணக்கு காலியாகத்தான் இருக்கும்.

உறவுகளுக்கு ஒன்றும் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம். வரி, கடன், உங்கள் இருவரின் மருத்துவச் செலவு, மாத வருமானம் இவ்வளவும் ஒதுக்கிய பிறகு ஒரு தொகையை முடிவு செய்து, கொடுப்பதைக் கடனாகக் கொடுக்காமல் கொடையாகக் கொடுத்துவிடுங்கள். உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவுக்குக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு வரி கிடையாது. நண்பருக்கு வருஷத்தில் 50,000-க்கு மேல் போனால் அவர் வரி கட்டவேண்டும். மற்றவர்கள் கேட்டால், "எல்லாம் டெபாசிட்டில் இருக்கிறது, எடுக்க முடியாது" என்று சொல்லுங்கள். மூன்று மாத டெபாசிட் போட்டிருந்தால் அது பொய்யும் இல்லை.