ஒரு சிட்டிகை உப்பு

கல்யாணமாகி ஒன்பது வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் நான் வேலைக்குப் போனேன். என்னவருக்கு வருமானம் பாதியாகிவிட்டிருந்தது. மகள் மூன்றாம் வகுப்பு. பி.காம். படித்து அலமாரியில் வைத்திருந்த என்னை அந்த வயதில் கூப்பிட்டு வேலை கொடுத்தது ஒரே இடம்தான்: திருச்சியில் ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிற ஒரு ஏஜென்சி. முதல் மாதம் தகுதிகாண் காலம். எட்டு இயந்திரம் விற்றால் வேலை நிரந்தரம்; இல்லாவிட்டால் "பார்க்கலாம்" என்றார் மேனேஜர். அந்தப் 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதா என்ன!

மூன்று நாள் பயிற்சி. கதவைத் தட்டுவது, சிரிப்பது, வாசல் கோலத்தைப் பாராட்டுவது, குழந்தைகள் எத்தனை என்று கேட்பது. எல்லாம் முடிந்தபின் பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுக்க வேண்டும். அதுதான் பிரம்மாஸ்திரம். பெட்டிக்கு அடியில் இரண்டு ஜோடிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம். இரண்டு கண்ணாடித் தம்ளர். ஒன்றில் அவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் நாம் பாட்டிலில் கொண்டுபோன ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகளை இரண்டிலும் முக்கி ஸ்விட்சைப் போட்டால், ஒரு நிமிஷத்துக்குள் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பச்சையாகி, கறுப்புக் கசடு கட்டி, பார்க்கவே குமட்டும். நம்முடைய தம்ளர் மட்டும் பளிங்காக நிற்கும். "ஐயோ, இதையா குழந்தைக்குக் கொடுத்தேன்!" என்று அந்த வீட்டம்மா வாயில் கை வைக்கிற நேரத்தில் தவணை அட்டையை நீட்ட வேண்டும்.

முதல் வாரம் நாற்பது வீட்டுக்கு மேல் ஏறி இறங்கினேன். பாதிப் பேர் கதவையே திறக்கவில்லை. இரண்டாம் வாரம் ஊருக்கு வெளியே புதிதாக எழும்பியிருந்த ஒரு காலனியில் இரண்டு விற்றது. அங்கே எல்லார் வீட்டிலும் போர் தண்ணீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். பெட்டியை எடுக்கவே தேவையிருக்கவில்லை.

மூன்றாம் வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். "வாம்மா, வெயில்லே வந்திருக்கே, உட்காரு" என்று மின்விசிறியைப் போட்டார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோலத்தைப் பாராட்டியது முதல் கறுப்புக் கசடு வரை அத்தனையும் செய்து காட்டினேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனார். தவணைக்குப் பணம் எடுக்கப் போகிறாராக்கும் என்று நான் அட்டையைத் தயார் செய்தேன்.

கையில் ஒரு சிட்டிகை உப்போடு வந்தார். பளிங்காக நின்ற என்னுடைய தம்ளரில் அதைப் போட்டு ஸ்பூனால் கலக்கினார்.

"இப்போ ஸ்விட்சைப் போடும்மா."

போட்டேன். என்னுடைய சுத்தத் தண்ணீர் மஞ்சளாயிற்று, பச்சையாயிற்று, கசடு கட்டிற்று. முதல் தம்ளரைவிட மோசமாகவே!

"நான் போட்டது ரசத்துக்குப் போடற உப்புதானே? அதுக்குள்ளே அழுக்கு எங்கேருந்து வந்தது?" என்றார். கோபமே இல்லை. வகுப்பில் கேட்கிற மாதிரி இருந்தது.

என் வாயிலிருந்து பதில் வரவில்லை. அவரே சொன்னார். தண்ணீரில் கரைந்த உப்புகள் இருந்தால்தான் மின்சாரம் அதற்குள் ஓடும். ஓடும்போது இரும்புக் கம்பி கரைகிறது. கரைந்த இரும்புதான் அந்த மஞ்சளும் பச்சையும் கசடும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் ஓடாது, ஆகவே கம்பி கரையாது. அவ்வளவுதான். கொதிக்கக் காய்ச்சி ஆற்றிய தண்ணீரை வைத்தாலும் இதே கசடு வரும், ஏனென்றால் காய்ச்சினால் கிருமி சாகுமே தவிர, கரைந்த உப்பு போகாது. "நம்பிக்கை இல்லேன்னா உன் கம்பியைத் தூக்கிப் பார்" என்றார். தூக்கிப் பார்த்தேன். எனக்கு முன்னால் எத்தனை பேர் கைக்கு அந்தப் பெட்டி போயிருந்ததோ, இரும்புக் கம்பிகள் நுனியில் எலி கொறித்தது போலத் தேய்ந்திருந்தன.

"மீட்டர் வச்சிருக்கியா?" என்று கேட்டார். பேனா மாதிரி ஒன்று பையின் அடியில் கிடந்தது. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் அது. பயிற்சியில் அதற்கு ஐந்து நிமிஷம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவர் வீட்டுக் காவிரித் தண்ணீரில் முக்கினால் 290 காட்டியது. நம் நாட்டுக் குடிநீர்த் தரக்கட்டளையில், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை தாராளமாக ஏற்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

"எனக்கு 290-ஐ 30 ஆக்கி என்னம்மா ஆகணும்? ஒரு லிட்டர் நல்ல தண்ணி கொடுக்க உன் மிஷின் மூணு லிட்டர் வரைக்கும் சாக்கடைக்கு அனுப்பும். குடிக்க, சமைக்க எனக்குப் பத்து லிட்டர் வேணும்னா, முப்பது லிட்டர் வீண். குழாயிலே தண்ணி வர்ற நேரமே கொஞ்சம். எனக்குப் பயம் உப்பு இல்லே, கிருமிதான். அதுக்குக் காய்ச்சிக்கறேன். உன் மிஷின் எனக்கு வேண்டாம்மா."

காபி கொடுத்துத்தான் அனுப்பினார். வாசல்வரை வந்து, "உப்புத் தண்ணி இருக்கிற வீடா பார்த்துப் போ. அங்கே இந்தப் பெட்டி வேண்டியதே இல்லே" என்றும் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது நான் நினைத்துப் பார்த்தது இதுதான். எந்தக் குழாய்த் தண்ணீரை வைத்தாலும் 'கெட்டது' என்று சொல்கிற சோதனை, எதைச் சோதிக்கிறது? காலனித் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். ஆனால் அந்தப் பேனா மீட்டர் இரண்டையும் பிரித்துச் சொல்லிற்று. இதுவரை 'வேண்டாம்' என்று கதவை மூடியவர்கள் யாரும் காரணம் சொன்னதில்லை. இவர் கணக்குப் போட்டுக் காட்டி 'வேண்டாம்' என்றார். யாருக்கு வேண்டும் என்பதும் அந்தக் கணக்கிலேயே இருந்தது.

மறுநாளிலிருந்து பெட்டி பைக்குள்ளேயே கிடந்தது. கதவு திறந்ததும் முதல் கேள்வி, "குடிக்க எந்தத் தண்ணீங்க, காவிரியா, போரா?" காவிரி என்றால் மீட்டரை வைத்துக் காட்டுவேன், 500-க்குள் இருந்தால், "உங்களுக்கு ஆர்.ஓ. தேவையில்லைங்க" என்று எழுந்துவிடுவேன். கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்! 2019-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 500-க்குக் குறைவான தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாதென்று சொல்லியிருப்பதும் பிறகு தெரியவந்தது.

ஒரு வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி நல்ல கேள்வி கேட்டாள். "அக்கா, 260தான் காட்டுது. அப்போ பாப்பாவுக்கு அப்படியே கொடுக்கலாமா?" கூடாது. மீட்டருக்கு உப்பு மட்டும்தான் தெரியும், கிருமி தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரும் 260 காட்டலாம். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடிவைத்து ஆற்றினால் போதும். கலங்கலாக வந்தால் முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும்.

போர் வீடுகளில் மூன்றாவது மாடி வீடு ஒன்று நினைவிருக்கிறது. லிஃப்ட் கிடையாது. பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை, மீட்டரில் 1,180. இருபது லிட்டர் கேன் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கேன் 35 ரூபாய், மாதம் பதினைந்து. வருஷத்துக்கு 6,300 ரூபாய். எங்கள் இயந்திரம் 14,500. வடிகட்டிகள் மாற்ற, சர்வீஸ் செய்ய வருஷத்துக்கு 4,000 பிடிக்கும் என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். வருஷத்துக்கு மிச்சம் 2,300தான். போட்ட பணம் திரும்ப ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். "பணம் மிச்சமாகும்னு சொல்லமாட்டேங்க" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பணம் கிடக்கட்டும்க்கா. மாசமா இருக்கேன், கேன் தூக்க முடியலே. கழிவுத் தண்ணியை என்ன செய்யறது?" பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம், செடிக்கு ஊற்றினால் மண்ணில் உப்பு சேரும் என்றேன். அன்று மாலையே முன்பணம் கொடுத்தார்கள்.

மாதக் கடைசியில் என் கணக்கு ஆறு. எட்டுக்கு இரண்டு குறைவு. பெட்டியோடு சுற்றிய இன்னொருவர் ஒன்பது எழுதியிருந்தார். அதில் நான்கு பேர், பயம் தெளிந்ததும் வீட்டில் பேசிவிட்டு வேண்டாமென்று முன்பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். என் ஆறும் ஆறாகவே நின்றது. மேனேஜர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம் பாருங்க" என்றார். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். "அதையெல்லாம் வெளியிலே பேசாதீங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் மேலே ஒருவர் கணக்குக் கேட்பார் அல்லவா!

ஜூலை முதல் வாரம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். என் பெட்டியைத்தான் அவளிடம் கொடுத்தார்கள். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, இந்தக் கம்பியெல்லாம் இப்படித் தேஞ்சு கிடக்கு?" என்று கேட்டாள். மேனேஜர் இன்னும் வந்திருக்கவில்லை. டீக்கடைப் பையனைக் கூப்பிட்டு இரண்டு தம்ளரும் கொஞ்சம் உப்பும் வாங்கிவரச் சொன்னேன்.