ஆசையால் ஒரு போர், ஐயத்தால் ஒரு போர்

சரக்குத் தேங்கினால் விலை சரியும், தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும் என்பது கடைத்தெருவில் நாம் கற்ற பாடம். ஆயின், போட்டியைத் தவிர்க்கத் தம்முள் விலை பேசி வைத்துக்கொண்ட நிறுவனங்களிடையே இப்பாடம் முழுமையாகச் செல்லுபடியாவதில்லை. அவ்வுடன்பாடு சில வேளைகளில் தேவை பெருகும்போதே உடைகிறது. வேறு சில வேளைகளில் தேவை குன்றும்போது உடைகிறது. எதிரெதிரான இரு பருவங்களிலும் ஒரே விலைப்போர் எவ்வாறு மூள்கிறது என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைவது.

முதலில் ஒரு பழைய வரலாறு. 1879-இல், சிகாகோவிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்குத் தானியம் ஏற்றிச் சென்ற இரயில் நிறுவனங்கள் 'கூட்டு நிர்வாகக் குழு' என்றோர் அமைப்பைத் தோற்றுவித்தன. கட்டணத்தை வகுத்து, எந்த நிறுவனம் எவ்வளவு பங்கு ஏற்றலாம் என்பதையும் அது வரையறுத்தது. ஏற்றிய சரக்கின் கணக்கு வாரந்தோறும் உறுப்பினர்க்கு அனுப்பப்பட்டது. 1890-இன் ஷெர்மன் சட்டம் அப்போது இல்லை. ஆகவே இவையெல்லாம் வெளிப்படையாகவே நடந்தன. எனினும், ஒப்பந்தத்தை மீறியவனை நீதிமன்றத்தில் நிறுத்த வழியில்லை. ஒருவரையொருவர் தண்டிக்க அவர்களிடம் இருந்த ஒரே கருவி விலைக்குறைப்புத்தான். 1880 முதல் 1886 வரையிலான 328 வாரங்களில், நூறு பவுண்டு தானியத்துக்கான கட்டணம் 40 சென்ட்டுக்கும் 12.5 சென்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கியது.

இனி, செழிப்பில் மூளும் போர். ஜூலியோ ரோட்டம்பர்க், கார்த் சலோனர் ஆகிய இருவரும் 1986-இல் தந்த விளக்கம் இது. இரு நிறுவனங்கள் சேர்ந்து வாரம் 100 ரூபாய் ஆதாயம் பெற்று, ஆளுக்கு 50 பகிர்ந்துகொள்வதாகக் கொள்வோம். ஒருவன் விலையைச் சற்றே குறைத்தால் அவ்வாரம் 100 முழுதும் அவனுக்கே. அதாவது மேலதிகமாக 50. ஆனால் அதன்பின் உடன்பாடு முறிந்து, வருங்கால ஆதாயம் போய்விடும். அதன் இன்றைய மதிப்பு 60 என்க. ஐம்பதுக்காக அறுபதை இழக்க எவரும் துணியார். திடீரென்று தேவை பெருகி அவ்வார ஆதாயம் 160 ஆகும்போது, ஏமாற்றினால் கிடைப்பது மேலும் 80. இப்போது 80-ஐ 60 தடுக்காது. எனவே கூட்டினர் தாமே விலையைத் தாழ்த்தி, மொத்த ஆதாயத்தை 120-க்குக் கொணர்கின்றனர். ஏமாற்றின் பயன் 60 ஆகிறது, ஆசை அடங்குகிறது. மந்தமான வாரத்திலோ ஆசைப்பட ஒன்றுமில்லாமையால் உடன்பாடு உறுதியாய் நிற்கிறது.

இக்கணக்கு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: செழிப்பு நீடிக்காது என்று அனைவரும் அறிந்திருக்க வேண்டும். செழிப்பு நெடுங்காலம் தொடருமாயின் வருங்காலத்தின் மதிப்பும் உடன் உயர்ந்து, ஆசைக்குக் கடிவாளமாகும்.

மந்தத்தில் மூளும் போர் வேறு வகையினது. எட்வர்ட் கிரீன், ராபர்ட் போர்ட்டர் ஆகியோர் 1984-இல் இதை வகுத்துரைத்தனர். இங்கே பிறர் விலை கண்ணுக்குத் தெரிவதில்லை. வாடிக்கையாளர்க்கு மறைவாகத் தள்ளுபடி தர இயலும். நம் சரக்குக் குறைந்துவிட்டது. ஊரெங்கும் தேவை குறைந்ததா, கூட்டாளி வஞ்சித்தானா? அறிய வழியில்லை. மன்னித்து விட்டால், அடுத்த வாரம் முதல் அனைவர்க்கும் வஞ்சகமே ஆதாயமாகும். ஆகையால் விற்பனை ஓர் எல்லைக்குக் கீழே விழுந்தால் சில வாரங்கள் விலைப்போர், பின் மீண்டும் உடன்பாடு என்று விதி அமைகிறது.

இதில் நம்மை உறுத்துவது ஒன்று உண்டு. அவ்விதி செவ்வனே இயங்குமாயின் எவரும் வஞ்சிப்பதில்லை. விற்பனை சரிந்தது தேவைக் குறைவால்தான் என்பதையும் அனைவரும் உய்த்துணர்வர். அப்படியிருந்தும் போர் நடந்தே தீர வேண்டும். குற்றமற்றவரைத் தண்டிக்காவிடில் நாளை குற்றமற்றவர் எவரும் இரார்!

அந்த இரயில் கூட்டில் நிகழ்ந்தது எது? மொத்தச் சரக்கின் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆயின் ஒருவரது பங்கு குறைந்தது தற்செயலா, மறைவான தள்ளுபடியா என்பது தெரியவில்லை. 1994-இல் கிளென் எல்லிசன் இவ்வாரக் கணக்குகளை மீளாய்ந்தபோது, சான்றுகள் கிரீன், போர்ட்டர் விளக்கத்தின் பக்கமே சாய்ந்தன. செழிப்புப் போருக்கு அமெரிக்கக் கார்த் தொழிலின் 1955-ஆம் ஆண்டைக் காட்டுவர். விற்பனை வெகுவாகப் பெருகிய அவ்வாண்டில் போட்டி கடுமையாயிருந்ததையும், 1954-லும் 1956-லும் அவ்வாறு இல்லாததையும் டிமத்தி பிரெஸ்னஹன் 1987-இல் எடுத்துக்காட்டினார்.

ஆக, ஒரு தொழிலில் விலைப்போர் மூண்டால் நாம் முதலில் கேட்கவேண்டியது, அவர்களுக்கு எது தெரிந்திருந்தது என்பதே. தேவை தெரியுமிடத்தில் ஆசை உடைக்கிறது. கூட்டாளி தெரியாவிடத்தில் ஐயம் உடைக்கிறது. 'தெளிதல்' என்னும் நம் சொல்லுக்கு ஐயம் நீங்குதல், நம்புதல் என இரு பொருளும் உண்டு. விலை பேசி வைத்து வாங்குவோரை வருத்தும் கூட்டுக்கு அவ்விரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது. தானியம் அனுப்பியவர்க்குக் கட்டணம் இறங்கிய வாரங்கள் கிடைத்தது அதனால்தான்.