இரண்டு நிமிட வெளிச்சம்

இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவனாகிய நான் மீனவர் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன். 2021இல் என் தந்தை தங்குகடல் தொழிலுக்குச் சென்ற விசைப்படகு, நடுக்கடலில் இயந்திரம் பழுதாகி நின்றது. வயர்லெஸ்ஸில் அழைத்தும் பதில் இல்லை. நீரோட்டம் படகை வெளிக்கடலுக்கு இழுத்தது.

அன்றிரவே அச்சத்தில் மூன்று ராக்கெட் வாணங்களையும் அடுத்தடுத்து விட்டுவிட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு விளக்கும் தெரியவில்லை. மறுநாள் இரவு ஒரு கப்பல் விளக்குகளோடு அருகே கடந்து சென்றபோது கையில் ஒரு வாணமும் மிச்சமில்லை. மூன்றாம் நாள் காலை தற்செயலாக வந்த வேறொரு படகு அவர்களைக் கரை சேர்த்தது.

"கண்ணே இல்லாத இருட்டுக்கு வெளிச்சம் காட்டினேன் மக்களே" என்றார் அப்பா.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராக்கெட் வாணம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரம் சென்று, சிறு குடையில் தொங்கி 40 வினாடி எரியும். மூன்றும் சேர்ந்தால் இரண்டே நிமிடம்! அந்த இரண்டு நிமிடத்தில் யாராவது அத்திசையை நோக்கினால்தான் பயன். ஆகவே கப்பலின் விளக்கு தெரிந்த பிறகோ, தேடி வருவோரின் ஓசை கேட்ட பிறகோதான் அதை விடவேண்டும். ஹெலிகாப்டர் தலைக்குமேல் வந்துவிட்டால் விடவே கூடாது. கையில் பிடிக்கும் சிவப்புச் சுடர் ஒரு நிமிடம் எரியும். அருகில் வந்தவருக்கு, 'இதோ, இந்தப் படகுதான்' என்று காட்டுவதற்கு அது. தீக்கழிவு படகில் விழாதபடி காற்று போகும் பக்கமாகக் கையை வெளியே நீட்டிப் பிடிக்கவேண்டும். பகலில் ஆரஞ்சுப் புகையே நன்கு தெரியும்.

யாருமே கண்ணில் படாதபோது அழைக்கவேண்டியது பீக்கன் கருவியை. அது 406 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 50 வினாடிக்கு ஒருமுறை செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும், ஜி.பி.எஸ். உள்ள கருவி இருப்பிடத்தையும் சொல்லும். குறைந்தது 48 மணி நேரம் உழைக்கும். உயிருக்கு ஆபத்து, நம்மால் சமாளிக்க இயலாது என்று தெரிந்தவுடன் இயக்கிவிட வேண்டும். ஆன்டெனா வானத்தை நோக்கித் தடையின்றி நிற்கவேண்டும். மின்கலத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி இடையில் நிறுத்தினால், தேடுவோர் தடத்தை இழப்பர்.

சுருங்கச் சொன்னால், பீக்கன் காணாதவரை அழைக்கும். வாணம் வந்தவருக்கு வழிகாட்டும். முன்னதை முதலில் இயக்கி, பின்னதைக் கடைசிவரை காத்துவைக்க வேண்டும்.

இப்போது அப்பாவின் படகில் இரண்டும் உள்ளன. பெட்டிமேல் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்த காலாவதித் தேதியையும் இயக்கும் முறையையும் நான் தமிழில் பெரிதாகப் பெயின்ட்டால் எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. உடன் செல்லும் இளைஞர்கள் படித்துச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "தேதி இருக்கா?" என்பதுதான்.