அந்த ஒரு டிரேடை நீக்கிப் பார்த்தேன்

நேற்றிரவு ஒரு நிஃப்டி உத்தியை பேக்டெஸ்ட் செய்தேன். முதல் 2 லட்சம், 100 டிரேடு, மொத்த லாபம் 1,20,000 ரூபாய். மனசு துள்ளியது.

பிறகு பிரித்துப் பார்த்தேன். வென்றவை தந்தது 3,60,000, தோற்றவை தின்றது 2,40,000. பிராஃபிட் ஃபேக்டர் 1.5, டிரேடுக்குச் சராசரி லாபம், அதாவது எக்ஸ்பெக்டன்சி, 1,200 ரூபாய். நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒரே டிரேடில் வந்த 90,000-ஐ நீக்கியதும் ஃபேக்டர் 1.13-க்கும் எக்ஸ்பெக்டன்சி 303-க்கும் விழுந்தன. புரோக்கரேஜ், வரி, ஸ்லிப்பேஜ் என்று டிரேடுக்கு 300 ரூபாயாவது போகும். அதை நான் சேர்க்கவே இல்லை. மிச்சம் மூன்று ரூபாய்!

நடுவில் கணக்கு 2,60,000-லிருந்து 1,56,000-க்குச் சரிந்திருக்கிறது. மேக்சிமம் டிராடவுன் 40 சதவீதம். பழைய உச்சத்துக்குத் திரும்ப 67 சதவீதம் ஏற வேண்டும். நிஜப் பணத்தில் அந்த மாதங்களை என்னால் தாங்கியிருக்க முடியாது. பாதியிலேயே நிறுத்தியிருப்பேன், அந்த 90,000 வருவதற்கு முன்பே.