இனாம் அல்ல, போனஸ்

தனியார் மருத்துவமனையில் ஒப்பந்தத்தின் கீழ் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு, 2023-24ஆம் ஆண்டுக்கு 6,997 ரூபாய் வந்தது. “முதலாளி கொடுத்த தீபாவளி இனாம்” என்றார். நாங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தோம்.

அந்த ஆண்டில் நடைமுறையில் இருந்த 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டத்தில் இரண்டு வரம்புகள் இருந்தன. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 21,000 ரூபாயைத் தாண்டாதவருக்கு போனஸ் உரிமை இருந்தது. ஆனால் கணக்கிடும்போது 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இவற்றில் எது அதிகமோ அதுதான் வரம்பாக இருந்தது. ஒப்பந்தக்காரர் 7,000 என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அக்காவின் மாதக் கூலி 12,000. அதுவே அவர் வேலைக்கான குறைந்தபட்சக் கூலி. ஆண்டுக்கு 1,44,000, அதில் குறைந்தபட்ச போனஸான 8.33 சதவீதம் 11,995 ரூபாய். பாக்கி 4,998.

“இந்த வருஷம் நஷ்டம்” என்றார் ஒப்பந்தக்காரர். பல ஆண்டுகளாக நடக்கும் நிறுவனத்தில் நஷ்டம் வந்தாலும் 8.33 குறையாது. சம்பளச் சீட்டுகளை இணைத்து, தொழிலாளர் துறைக்கு மனு எழுதினோம். மனுவில் ‘இனாம்’ என்ற சொல்லை அக்காவே அடித்துவிட்டு, ‘பாக்கி’ என்று எழுதச் சொன்னார்.