வெற்றுக் கட்டத்தின் பொருள்

கள ஆய்விலிருந்து வந்து சேரும் வினாப்படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால், அந்த வெறுமைக்குப் பொருள் ஒன்றல்ல. கேள்வி அந்த வீட்டுக்குப் பொருந்தாததால் கேட்கப்படாமலே விடப்பட்டிருக்கலாம். கேட்கப்பட்டும் தெரியாது என்ற பதில் வந்திருக்கலாம். பதில் சொல்ல மறுத்திருக்கலாம். பதில் கிடைத்தும் கணக்கெடுப்பாளர் குறிக்கத் தவறியிருக்கலாம். கணினித் திரையில் இந்த நான்கும் ஒரே வெள்ளைக் கட்டமாகத் தெரிவதால், அட்டவணை போடுவதற்கு முன் அவற்றைப் பிரித்தறிவதே தரவுகளைச் சரிபார்ப்பவரின் முதல் வேலையாகிறது. இதற்காகவே நல்ல படிவங்களில் ‘தெரியாது’ என்பதற்கு 8 என்றும், பதில் விடுபட்டதற்கு 9 என்றும் தனித்தனிக் குறியீடுகள் வைக்கப்படுகின்றன. கேட்கவே தேவையில்லாத கேள்விக்கு மட்டும் கட்டம் வெறுமையாக விடப்படுகிறது.

இந்த வேலையின் நெளிவுசுளிவுகளை, விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டின் வழியே தொடர்ந்து பார்க்கலாம். ஒரு வட்டாரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 600 குழந்தைகளைப் பற்றி அவர்களின் தாய்மாரிடம் கேட்கப்பட்டதாகக் கொள்வோம். 12ஆம் கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா என்பது. இருந்தது என்றால் மட்டுமே 13ஆம் கேள்வியான ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கப்பட்டதா என்பதைக் கேட்க வேண்டும். இல்லை என்றால் அதைத் தாண்டிச் செல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் எத்தனை விழுக்காட்டினருக்கு ஓ.ஆர்.எஸ். கிடைத்தது என்பதே திட்ட அலுவலகத்துக்குத் தேவையான ஒரே எண்.

வந்து சேர்ந்த படிவங்களில் 72 குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ‘உண்டு’ என்றும், 504 பேருக்கு ‘இல்லை’ என்றும், 9 பேருக்குத் ‘தெரியாது’ என்றும் குறிக்கப்பட்டு, 15 படிவங்களில் 12ஆம் கட்டம் வெறுமையாக இருக்கிறது. ‘உண்டு’ என்ற 72 பேரில் 38 பேருக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டது, 22 பேருக்குக் கொடுக்கப்படவில்லை, 12 பேருக்குப் பதிலே இல்லை. இவற்றோடு இரண்டு வகை முரண்களும் உள்ளன. 12ஆம் கட்டம் வெறுமையாக உள்ள 15 படிவங்களில் 5 படிவங்களில் 13ஆம் கேள்விக்குப் பதில் இருக்கிறது: நான்கு ‘ஆம்’, ஒன்று ‘இல்லை’. வயிற்றுப்போக்கு இல்லை என்று சொன்ன 504 படிவங்களில் மூன்றிலும் ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

முதல் வகையைத் திருத்தலாம். இரண்டாம் வகையைத் திருத்தக் கூடாது. ஐந்து படிவங்களில் 13ஆம் கேள்வியைக் கேட்டிருப்பதே, 12ஆம் கேள்விக்கு ‘உண்டு’ என்ற பதில் வந்ததற்கு வலுவான அடையாளம். அங்கே விடுபட்டது குறியிடும் செயல் மட்டுமே. மூன்று படிவங்களிலோ இரண்டு வெளிப்படையான பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. காகிதப் படிவத்தை எடுத்துப் பார்த்தால், ஓரத்தில் ‘காய்ச்சலுக்கு’ என்று பென்சிலில் எழுதியிருப்பதைச் சில சமயம் காணலாம். வாந்தியிலும் காய்ச்சலிலும் சோர்ந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கும் தாய்மார் உண்டு என்பதால், அந்தத் தாய் இரண்டு பதில்களையும் உண்மையாகவே சொல்லியிருக்கிறார். ஆகவே ‘இல்லை’ என்பது அப்படியே இருக்க, 13ஆம் கேள்வியின் பதிலை இந்தக் கணக்கிலிருந்து மட்டும் விலக்கிவைக்க வேண்டும். எந்தத் திருத்தமானாலும் மூலப் பதிலின் மேல் எழுதாமல் புதிய பத்தியில் எழுதுவதும், யார், என்று, ஏன் மாற்றினார் என்று பதிவேட்டில் குறிப்பதும் கட்டாயம். மூலம் அழிந்துவிட்டால், தவறான திருத்தத்தைப் பிறகு கண்டுபிடிக்கவே வழியில்லை.

மீண்டும் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்ற யோசனை பல கேள்விகளுக்கு நல்லதே என்றாலும், இந்தக் கேள்விக்கு அது உதவுவதில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் ‘கடந்த இரண்டு வாரங்கள்’ என்பது வேறு இரண்டு வாரங்களாகிவிடும். பழைய நாட்களைக் குறிப்பிட்டுக் கேட்டாலோ நினைவு நம்பத்தக்கதாக இராது. கால வரையறை உள்ள கேள்விகளின் வெறுமையை, படிவம் களத்தில் இருக்கும்போதே, அன்று மாலையே மேற்பார்வையாளர் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

வயிற்றுப்போக்கு ‘உண்டு’ என்றவர்களின் 13ஆம் கட்டத்தில் எஞ்சியிருப்பவை 12 வெறுமைகள். அவற்றைக் கணினியில் வடிகட்டுவதற்கு முன், கணக்கெடுப்பாளர் எண் வாரியாக அடுக்கிப் பார்ப்பது அதிகம் சொல்லிக்கொடுக்கும். நம் எடுத்துக்காட்டில் 12இல் 9 ஒரே கணக்கெடுப்பாளருடையவை. அவருடைய படிவங்களைப் புரட்டினால், 12ஆம் கேள்வி முதல் பக்கத்தின் அடியிலும் 13ஆம் கேள்வி பின்பக்கத்தின் தலைப்பிலும் அச்சாகியிருப்பதும், அந்த ஒன்பது படிவங்களில் பின்பக்கம் முழுவதுமே தொடப்படாமல் இருப்பதும் தெரிகிறது. இந்த வெறுமைக்கும் தாயின் பதிலுக்கும் தொடர்பில்லை. தாள் திருப்பப்படவில்லை, அவ்வளவுதான். மற்ற மூன்றும் பின்பக்கத்தின் ஏனைய கேள்விகள் நிரம்பியிருக்க, இந்த ஒன்று மட்டும் விடுபட்டவை. கரைசல் கொடுக்காததைச் சொல்லத் தயங்கிய தாய் மௌனமாக இருந்திருந்தால், அந்த வெறுமை ‘இல்லை’ என்ற பக்கம் சாய்கிறது. தாளால் வந்த வெறுமையைக் கணக்கிலிருந்து விலக்குவதால் விழுக்காடு பெரிதும் சாய்வதில்லை, தயக்கத்தால் வந்ததை விலக்கினால் விழுக்காடு உயர்ந்து காட்டும்.

கணினிக் கட்டளையில்தான் பெரும்பாலான தவறுகள் சத்தமின்றி நுழைகின்றன. ஸ்டேட்டாவில் கீழே உள்ள முதல் வரியை எழுதினால், 13ஆம் கட்டம் வெறுமையாக உள்ள அத்தனை குழந்தைகளும் 0, அதாவது கரைசல் பெறாதவர்கள் என்றாகிவிடுவர். நோயே வராத ஐந்நூறு பேரும் அதில் அடக்கம். இரண்டாம் வரி, 12ஆம் கேள்வியின் திருத்திய பத்தியில் ‘உண்டு’ என்று இருந்து 13ஆம் கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதிலும் உள்ளவர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

```
gen ors  = (q13 == 1)
gen ors2 = (q13 == 1) if q12c == 1 & inlist(q13, 1, 2)
```

முதல் வரியின்படி 600 பேரில் 45 பேர், அதாவது 7.5 விழுக்காடு. இரண்டாவதன்படி 65 பேரில் 42 பேர், அதாவது 64.6 விழுக்காடு. டி.எச்.எஸ். எனப்படும் பன்னாட்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளின் வழக்கம் மூன்றாவது ஒன்று: சிகிச்சை பற்றிப் பதில் விடுபட்டவர்களைப் பெறாதவர்களாகக் கொண்டு பகுதியில் வைத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் 77 பேரில் 42 பேர், 54.5 விழுக்காடு. இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வும் அந்த மரபைச் சேர்ந்தது என்பதால், திட்ட அலுவலகம் தன் எண்ணை அதனோடு ஒப்பிடப்போகிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஒப்பிடப்போகிறது என்றால் விதியும் ஒன்றாக இருந்தாக வேண்டும், இல்லையேல் விதி மாறியதால் தோன்றும் பத்து விழுக்காட்டுப் புள்ளி வேறுபாடு திட்டத்தின் வெற்றியாகவோ தோல்வியாகவோ படிக்கப்படும்.

கைக்கணினியில் கேள்விகளைக் கட்டாயமாக்கிவிட்டால் வெறுமைகள் மறைந்துவிடும் என்பது பாதி உண்மை. பதில் தராமல் அடுத்த திரைக்குப் போக முடியாத கணக்கெடுப்பாளர், ‘இல்லை’ என்று தொட்டால் ஐந்தாறு கேள்விகள் குறையும் என்பதை விரைவில் கண்டுகொள்கிறார். அங்கே வெற்றுக் கட்டம் இராது. ஒரே ஊரில் மற்றவர்களுக்குப் பத்துக்கு ஒருவர் ‘உண்டு’ என்று சொல்ல, ஒருவருக்கு மட்டும் ஐம்பதுக்கு ஒருவர் சொல்வதாக இருக்கும். கணக்கெடுப்பாளர் வாரியான அட்டவணை இல்லாமல் இது கண்ணில் படாது.

அலுவலகத்துக்குப் போகும் அட்டவணையில் 64.6 என்ற எண்ணின் கீழே, பதில் கிடைத்தவர் 65, விடுபட்டவர் 12, அவர்களில் 9 பேருடைய படிவங்களில் பின்பக்கம் நிரப்பப்படவில்லை, விடுபட்ட அனைவரும் பெறாதவர் எனக் கொண்டால் 54.5, பெற்றவர் எனக் கொண்டால் 70.1 என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். அக்குறிப்பு அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படாமல், எண் அச்சாகும் அதே தாளில் அச்சாக வேண்டும்.