தையில் இறந்தவருக்கு எந்த ஆண்டு?

எங்கட பக்கத்தில் 'கல்வெட்டு' என்றால் கல்லில் வெட்டியது மட்டும் இல்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வாறவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகத்துக்கும் அதுதான் பெயர். அட்டையில் படம், உள்ளே பிறப்பு வளர்ப்பு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் புலம்பல், தேவாரம், கடைசியில் நன்றி நவிலல். தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு திதி வெண்பா இருக்கும். இறந்த நாளை நான்கு வரிக்குள் கட்டி வைக்கிற பாட்டு அது: வருடத்தின் பெயர், மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா, என்ன திதி. ஆண்டுத் திவசம் திதியைப் பார்த்துத்தான் செய்வார்கள் என்பதால், வீட்டுக்காரருக்குத் தேவையான எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஆங்கிலத் திகதி இல்லாமல் வெளிவந்த பழைய கல்வெட்டுகளும் உண்டு.

வீட்டுக்காரருக்குப் போதும். உசாத்துணைப் பட்டியல் எழுதுகிற எனக்குப் போதாது.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளி கல்வெட்டுகளில் எப்படிப் பேசப்படுகிறது என்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. வாவிக்கு இந்தப் பக்கமும் படுவான்கரைப் பக்கமும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவை கொஞ்சம். ஏற்கெனவே ஒரு சேகரிப்பில் பட்டியலிட்டு வைத்திருந்தவை கொஞ்சம். பிரச்சினை அந்தப் பட்டியலில்தான் தொடங்கியது. அதில் ஒரு கல்வெட்டுக்கு '1978' என்று போட்டிருந்தது. உள்ளே வெண்பாவில் 'காளயுக்தி', 'தை' இரண்டும் தெளிவாக இருந்தன. படத்தை எடுத்துப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு வாசித்தார்.

"தையில செத்த மனிசனுக்கு என்னெண்டு புள்ள எழுபத்தெட்டு? எழுபத்தொம்பதெல்லா?"

அவர் சொன்னது சரி. பட்டியல் போட்டவர் என்ன செய்திருப்பார் என்பதும் விளங்கியது. அறுபது வருடப் பெயர்களுக்கும் எதிரே ஆங்கில ஆண்டு எழுதிய அட்டவணையைப் பஞ்சாங்கத்திலோ கூகுளிலோ பார்த்திருப்பார். பிரபவ 1867, 1927, 1987. காளயுக்தி 52ஆவது பெயர். 1927இல் எண்ணத் தொடங்கினால் 1978 வரும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அட்டவணை சொல்வது அந்த வருடம் தொடங்குகிற ஆண்டை மட்டும். காளயுக்தி 1978 ஏப்ரல் நடுவில் பிறந்து 1979 ஏப்ரல் நடுவில் முடிந்தது. சித்திரையில் இருந்து கார்த்திகை வரை என்றால் அட்டவணை ஆண்டு அப்படியே பொருந்தும். தை, மாசி, பங்குனி என்றால் ஒன்று கூட்ட வேண்டும். மார்கழி டிசம்பர் நடுவில் இருந்து ஜனவரி நடுவரை ஓடுவதால், நாள் தெரியாமல் முடிவு சொல்ல ஏலாது.

இது எங்கட ஊருக்குப் புதுசும் இல்லை. காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்தது கர வருடம் பங்குனி மாதம். கர 25ஆவது பெயர், அட்டவணையில் 1891. அவர் பிறந்தது 1892 மார்ச் 27. 'கர' என்ற பெயரை மட்டும் வைத்து ஆண்டு போட்டால், அடிகளாருக்கு ஒரு வயது கூடிவிடும்.

ஒரு வருடம்தானே, என்ன பெரிய விசயம் என்று என் பட்ச் பெடியன் ஒருவன் கேட்டான். என் ஆய்வுக்குப் பெரிய விசயம்தான். சூறாவளிக்கு முன் எழுதிய கல்வெட்டுகள், பின் எழுதியவை என்று இரண்டாகப் பிரித்துத்தான் வாசிக்கிறேன். அந்தத் தை மாதத்துக் கல்வெட்டில், கூரை போன வீட்டில் ஓலைப் பந்தலுக்குக் கீழே கிடந்து இறந்தார் என்று ஒரு வரி வருகிறது. பட்டியலை ஆண்டுப்படி அடுக்கினால் அது 1978க்குள் போய்விடும். '1979க்குப் பிறகு' என்று தேடுகிறவரின் கண்ணில் அது படாது. சூறாவளிக்குப் பிறகு இரண்டு மாதத்தில் போன ஒரு உயிர், அடுக்கில் சூறாவளி ஆண்டின் கூட்டத்துக்குள் கலந்துவிடும்.

சரி, ஒரு கல்வெட்டை எடுத்து முழுசாகப் போட்டுப் பார்ப்போம். சூறாவளி இரவில் வீடு விழுந்து இறந்த ஒரு பெண்ணுடையது. வெண்பா தருவது இவ்வளவுதான்: காளயுக்தி வருடம், கார்த்திகை மாதம், அபரபக்க நவமி. அபரபக்கம் என்றால் தேய்பிறை. பெயரால் 1978/79, மாதத்தால் 1978. கார்த்திகை நவம்பர் நடுவில் தொடங்கும். அந்த நவம்பரில் பௌர்ணமி 14ஆம் திகதி, அமாவாசை 30ஆம் திகதி. ஆகவே தேய்பிறை நவமி 23, 24 பக்கம் வரவேண்டும். ஏன் ஒரே திகதியாகச் சொல்ல முடியவில்லை? திதி நள்ளிரவில் மாறுவதில்லை. நிலவும் சூரியனும் 12 பாகை விலகுவதற்கு எடுக்கிற நேரம்தான் ஒரு திதி. அது காலையிலும் முடியும், மத்தியானத்திலும் முடியும். 23ஆம் திகதி பிற்பகலில் அட்டமி முடிந்து நவமி பிறந்தது. அது அடுத்த நாள் பிற்பகல் வரைக்கும் இருந்தது. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இந்த நேரம் மணிக்கணக்கில் வித்தியாசப்படும். வெண்பாவை மட்டும் வைத்துக்கொண்டு 23 என்று எழுத எனக்கு உரிமை இல்லை. உள்ளே 'புயலடித்த இரவில்' என்று இருப்பதால்தான் எழுதலாம்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, நான் வகுப்பில் சொன்னபோது எல்லாரும் கொஞ்சம் முழித்த இடம் இது. இறந்த திகதி வேறு, புத்தகம் வெளிவந்த திகதி வேறு. உசாத்துணையில் போடவேண்டியது இரண்டாவது. முப்பத்தோராம் நாளுக்கு அடித்தது என்றால், நவம்பர் 23 இறப்புக்குக் கல்வெட்டு டிசம்பர் 23 அளவில் வரும். மாதம் கார்த்திகை போய் மார்கழியாகிவிடும். இந்தப் பெண்ணுடைய கல்வெட்டு அப்போது வரவில்லை. கூரையே இல்லாத ஊரில் யார் அச்சடிப்பது? அட்டையில் 'முதலாம் ஆண்டு நினைவு' என்று இருக்கிறது. அதாவது அடுத்த வருடம், சித்தார்த்தி, அதே கார்த்திகை அபரபக்க நவமி. அந்தத் திதி 1979இல் நவம்பர் 23இல் வரவில்லை, டிசம்பர் 12 அளவில் வந்தது. திதி ஒன்றுதான், திகதி கிட்டத்தட்ட மூன்று கிழமை தள்ளிப் போய்விட்டது. ஆகவே இந்தக் கல்வெட்டுக்கு ஆண்டு 1979. வெண்பாவில் உள்ள வருடப் பெயரை அப்படியே எடுத்து ஆண்டாக்கினால் பிழைத்திருக்கும்.

எழுதுகிற முறைக்கு வருவோம். நூலகக்காரரின் பழைய விதி ஒன்று இருக்கிறது: மூலத்தில் உள்ளதை உள்ளபடி எழுது, கிறிஸ்து ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போடு. அடைப்புக்குள் இருப்பது நூல் சொன்னது இல்லை, நான் கணக்குப் பார்த்தது என்று வாசிக்கிறவருக்கு உடனே தெரியும். என் பட்டியலில் அது இப்படி வருகிறது. பெயர் மட்டும் இருந்தால் 'காளயுக்தி வருடம் [1978 அல்லது 1979]'. கார்த்திகை என்று இருந்தால் '[1978]', தை என்று இருந்தால் '[1979]'. மார்கழி மட்டும் என்றால் திரும்பவும் 'அல்லது'. இந்த 'அல்லது' சிலருக்குப் பிடிக்காது, ஆய்வாளர் தடுமாறுகிற மாதிரி இருக்காம். தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவதை விட அது நல்லது என்பது என் கட்சி.

ஸொட்டெரோ பாவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. Date பெட்டிக்குள் வருடப் பெயரைப் போட்டால் அது ஆண்டு வரிசையில் நிற்காது. நான் இப்படி வைக்கிறேன்:

```
Date: 1979-01
Extra: மூலத்தில்: காளயுக்தி வருடம் தை மாதம்
```

Extra பெட்டியில் உள்ள இந்த வரி உசாத்துணைப் பட்டியலில் தானாக வராது. கடைசியில் வேர்ட்டில் கையால் சேர்க்கத்தான் வேணும். தமிழ்நாட்டு நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு இருந்தாலும் இதே வேலைதான். 2040 என்று இருப்பதை அப்படியே Date இல் போட்டால், இன்னும் வெளிவராத புத்தகமாக அது அடுக்கின் கடைசியில் போய் நிற்கும். 31ஐக் கழித்து 2009 என்று வையுங்கள்.

காத்தான்குடியில் இருந்து வாற என் கூட்டாளிக்கு இதே சூறாவளி வேறு விதமாகத் தலையிடி கொடுத்தது. அவள் பார்த்த குறிப்பில் இருந்தது ஹிஜ்ரி 1398, துல்ஹஜ் மாதம். ஹிஜ்ரி வருடம் சுமார் 354 நாள், ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். அதனால் அறுபது வருடப் பெயர்கள் மாதிரி ஒரே எண்ணைக் கூட்டிக் கழித்து ஆண்டு எடுக்க ஏலாது. 1398 கிட்டத்தட்ட முழுக்க 1978க்குள் விழுந்தது அவளுடைய அதிர்ஷ்டம். ஆண்டில் குழப்பம் இல்லை. நாளில்தான் குழப்பம். பிறை கண்டு மாதம் தொடங்குவதால், இணையத்தில் உள்ள மாற்றிகள் சொல்கிற நாளும் இங்கே நடந்த நாளும் ஒன்றிரண்டு நாள் விலகும். அதோடு மஃரிபோடு அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. இரவில் அடித்த சூறாவளி நவம்பர் 23தான், ஆனால் ஹிஜ்ரிக் கணக்கில் அது ஏற்கெனவே அடுத்த பிறை. ஒரே இரவு, எங்கட வெண்பாவில் பிற்பகலோடு நாள் மாறிவிட்டது, அவர்களுடைய குறிப்பில் பொழுது சாய்ந்ததோடு மாறிவிட்டது, கச்சேரிப் பதிவில் நள்ளிரவு வரை மாறவில்லை. மூன்றையும் பக்கத்தில் வைத்து, ஒன்றில் பிழை இருக்கிறது என்று அடித்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதச் சொல்கிறேன்.

அறுபது வருடச் சுற்று கொண்டுவருகிற பெரிய சந்தேகம் ஒன்று பாக்கி. காளயுக்தி 1918இலும் வந்தது. எந்தச் சுற்று என்று வெண்பா சொல்லாது, புத்தகம்தான் சொல்லும். ஒரு கல்வெட்டில் சூறாவளி பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆனால் நன்றி நவிலலில் 'குவைத்தில் இருந்து வந்த மகன்' என்று இருந்தது. 1918இல் யார் குவைத்துக்கு வேலைக்குப் போனது? இன்னொன்றில் அச்சகத்தின் தொலைபேசி இலக்கம் பின் அட்டையில் கிடந்தது. படுவான்கரையில் கிடைத்த ஒன்றுக்கு மட்டும் அட்டையும் இல்லை, நன்றி நவிலலும் இல்லை. கறையான் மிச்சம் வைத்த நாலு பக்கம். அதில் 'காளயுக்தி', 'மாசி' இரண்டும் தெரிகின்றன. அதை நான் '[1919 அல்லது 1979]' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த வீட்டு அம்மம்மா அது தன்ர தகப்பன் என்கிறா. அவவின் அக்காவோ, இல்லை, அது அப்பப்பா என்கிறா.